எட்டாவது கேள்விக்கு நான் போட்ட பூச்சியம்

லண்டனில் பஸ் ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது. 2024இல் அந்த வேலை கையை விட்டுப் போகும் நிலைக்கு வந்து, பத்தொன்பது கிழமை ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்து, மறுபடி ஓட்ட வந்தேன். காரணம் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய். இந்த நோயைப் பற்றித் தமிழில் தேடினால் குறட்டை, உடல் எடை என்று நிறையக் கிடைக்கிறது. ஆனால் வாகனம் ஓட்டிப் பிழைக்கிற ஒருவர் இதை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்ன ஒன்றிரண்டு பேரும் தவறாகச் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் வருவது பிரித்தானிய விதிகள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 இலையுதிர் காலத்தில் என்னை அதிகாலை வேலைக்கு மாற்றினார்கள். மூன்றேகாலுக்கு எழும்பி நாலு மணிக்கு டிப்போவில் நிற்க வேண்டும். பகலில் அசதியாக இருந்தது. அதிகாலை வேலை செய்கிற யாருக்கு அசதி இல்லை என்று நினைத்தேன். காலையில் தலையிடி, வாய் வறண்டு கிடக்கும், இரவில் மூன்று தரம் சிறுநீர் கழிக்க எழும்புவேன். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தேன். தலையிடிக்கு வேலை நேரம், வறட்சிக்கு ஹீட்டர், சிறுநீருக்கு நாற்பத்தேழு வயது. இவை மூன்றும் ஒரே நோயின் அடையாளமாக இருக்கலாம் என்று அப்போது தெரியாது.

முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். ஜனவரியில் ஒருநாள் காலை, "இஞ்சேருங்கோ, ராத்திரி நீங்கள் மூச்சு விடேல்லை. நான் இருபத்திரண்டு வரைக்கும் எண்ணினனான். பிறகு கிணத்துக்குள்ளையிருந்து வந்த மாதிரித் திணறி இழுத்தியள்" என்றாள். நான் சிரித்து விட்டுப் போய்விட்டேன். அவள் சொன்னது முழுக்கச் சரி. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை அடைபடுகிறது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது மூளை பயந்து உங்களை ஒரு கணம் தட்டி எழுப்பும், பாதை திறக்கும், திரும்பத் தூங்குவீர்கள். அந்த விழிப்பு உங்களுக்கு நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்ததாகத்தான் தெரியும்.

மார்ச் மாதத்தில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றேன். அடுத்து எனக்குத் தெரிந்தது பின்னால் வந்த வானின் ஹோர்ன் சத்தம். விளக்கு பச்சையாகி எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. கால் பிரேக்கில் இருந்தது. மேல் தட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தார்கள். அன்று மாலை குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கு போன் எடுத்தேன்.

இங்கேதான் என் முதல் தவறு. மருத்துவர் எப்வர்த் என்ற ஒரு கேள்வித்தாளைத் தந்தார். எட்டுக் கேள்விகள். இன்ன சூழ்நிலையில் தூங்கி விழ எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். புத்தகம் வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா இருக்கும்போது என்று போகும். மொத்தம் 24. பத்துக்கு மேல் வந்தால் வழக்கத்துக்கு மிஞ்சிய தூக்கம் என்று கணக்கு. எட்டாவது கேள்வி, காரில் இருக்கும்போது போக்குவரத்தில் சில நிமிடம் நின்றால் தூங்கி விடுவீர்களா என்பது. நான் அங்கே போனதே அதற்காகத்தான். பேனா அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 0 போட்டேன். மற்றவற்றிலும் குறைத்துப் போட்டதால் மொத்தம் 6 வந்தது. வேலை என்ன என்று படிவத்தில் இருந்த இடத்தில் 'போக்குவரத்து' என்று மட்டும் எழுதினேன்.

அந்த இரண்டு பதிலும் என்ன செய்தன என்று பிறகுதான் விளங்கியது. தூக்கம் அதிகமில்லாத, சாதாரண வேலை செய்கிற ஒருவருக்கான பரிந்துரையாக என் பெயர் தூக்கப் பிரிவுக்குப் போனது. செப்டம்பரில்தான் இடம் என்று கடிதம் வந்தது. உண்மையில் இங்கே நைஸ் என்ற அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், தொழில்முறையில் வாகனம் ஓட்டுபவர்களையும், விழிப்பாக இருக்காவிட்டால் ஆபத்து வருகிற வேலையில் இருப்பவர்களையும் முன்னுரிமை கொடுத்து விரைவாகப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்த முன்னுரிமை என் வேலையின் பெயரில்தான் இருந்தது. நானோ வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை மறைத்தேன். ஆகவே மருத்துவரிடம் போகிறவர்கள் "நான் பஸ் ஓட்டுகிறேன், பகலில் தூக்கம் வருகிறது" என்று முதல் வாயிலேயே சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவர் உங்கள் கம்பெனிக்கு போன் எடுத்துச் சொல்ல மாட்டார். உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் மருத்துவக் குறிப்பு முதலாளிக்குப் போகாது. ஆனால் ஓட்டக்கூடாது என்று சொன்ன பிறகும் நீங்கள் ஓட்டினால், மக்களின் பாதுகாப்புக்காக லைசன்ஸ் அலுவலகத்துக்கு மருத்துவர் அறிவிக்கலாம். அதற்கு இடமிருக்கிறது.

டிப்போவில் ஒரு மூத்த ஓட்டுநர், நம்மாள், என்மேல் அக்கறையுள்ளவர். தேநீர் குடிக்கும்போது மெதுவாக அவரிடம் கேட்டேன். "தம்பி, ஒருத்தரிட்டையும் சொல்லாதையும். உந்த வருத்தத்தின்ரை பேரைச் சொன்னாலே லைசன்ஸ் போயிடும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் காலத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அது தவறு. டி.வி.எல்.ஏ. என்கிற லைசன்ஸ் அலுவலகத்தின் விதி நோயின் பெயரைப் பிடித்துத் தொங்குவதில்லை. ஓட்டுவதைப் பாதிக்கிற அளவுக்குத் தூக்கம் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அப்படித் தூக்கம் வந்தால், சோதனை முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும், ஓட்டக்கூடாது. பிறகு சோதனையில் நடுத்தரமாகவோ கடுமையாகவோ அப்னியா இருப்பதும், அதோடு அந்தத் தூக்கமும் உறுதியானால் டி.வி.எல்.ஏ.க்கு அறிவித்தே ஆக வேண்டும். லேசானது என்றால் ஓட்டுவதை நிறுத்தி, சரியான பிறகு ஓட்டலாம், மூன்று மாதத்தில் சரியாகாவிட்டால் அறிவிக்க வேண்டும். சோதனையில் மூச்சு நிற்கிற எண்ணிக்கை கூடுதலாக வந்தும் பகலில் தூக்கமே வராதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சிகிச்சையில் தூக்கம் கட்டுப்பட்டால் பஸ் லைசன்ஸ்காரருக்கும் ஓட்ட அனுமதி உண்டு, வருடம் ஒருமுறை மருத்துவரின் மீளாய்வு வேண்டும், அவ்வளவுதான். கார் மட்டும் ஓட்டுபவருக்கு அது மூன்று வருடத்துக்கு ஒருமுறை.

இது எதுவும் தெரியாமல் மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை பத்துக் கிழமைக்கு மேல் ஓட்டினேன். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டினேன். சக்தி பானம் குடித்தேன். தொடையைக் கிள்ளினேன். கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன், இதை வாசிக்கிற யாரோ ஒருவர் இன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். ஜன்னல் காற்று இந்தத் தூக்கத்துக்கு மருந்தில்லை. கண் திறந்தபடியே சில விநாடி மூளை அணைந்து போகும், அணைந்தது உங்களுக்கே தெரியாது. 2013 டிசம்பர் 1 அன்று நியூயோர்க்கில் ஒரு ரயில், மணிக்கு 30 மைல் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் 82 மைல் வேகத்தில் போய்த் தடம் புரண்டு நாலு பேர் இறந்தார்கள். ரயிலை ஓட்டியவருக்குக் கடுமையான அப்னியா இருந்தது விபத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. விபத்துக்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவரையும் அதிகாலை வேலைக்கு மாற்றியிருந்தார்கள். இதைச் சிகிச்சை தொடங்கிய பிறகு வாசித்தேன். அன்றிரவு மூச்சுக்காகத் தந்த மெஷினைப் போட்டும் தூக்கம் வரவில்லை.

ஜூன் 10, திங்கட்கிழமை. காலை ஆறு மணி இருக்கும். ஒரு தரிப்பிடத்துக்குள் பஸ்ஸை எடுக்கிறேன். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. இடப்பக்க மிரர் தரிப்பிடக் கம்பத்தில் அடித்து மடங்கி, கண்ணாடித் துண்டுகள் நடைபாதையில் கிடந்தன. கம்பத்துக்கு ஒரு அடி தள்ளி ஒரு வயதான அம்மா தள்ளுவண்டிப் பையைப் பிடித்தபடி நின்றார். அவர் பயந்துகூடப் போகவில்லை, "நீ நலமா?" என்று என்னைத்தான் கேட்டார். கம்பத்தை நெருங்கிய அந்த நாலைந்து விநாடி என் நினைவில் இல்லவே இல்லை. விபத்து அறிக்கையில் 'தூரத்தைத் தவறாகக் கணித்தேன்' என்று எழுதிக் கொடுத்தேன். அது என் இரண்டாவது தவறு. அடுத்த நாளிலிருந்து நான் ஓட்டவில்லை.

மருத்துவரிடம் திரும்பப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வித்தாளைத் திரும்ப நிரப்பினேன், இந்தத் தரம் மனைவியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு. மொத்தம் 16. எட்டாவது கேள்விக்கு 3. மருத்துவர் திட்டவில்லை. பரிந்துரையை அவசரம் என்று மாற்றி, பஸ் ஓட்டுநர் என்று முதல் வரியிலேயே எழுதினார். செப்டம்பருக்கு இருந்த சோதனை ஜூலை 2க்கு வந்தது. மார்ச்சிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த மிரர் உடைவதற்கு முன்பே எனக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கும்.

அவர் சொன்ன இன்னொன்றை நான் யோசித்திருக்கவில்லை. "பஸ் மட்டுமில்லை, உங்கள் சொந்தக் காரும்தான்" என்றார். விதி இரண்டுக்கும் ஒன்றே. மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடுவது, பிள்ளையின் டியூசன், ஞாயிற்றுக்கிழமைக் கோயில், எல்லாம் நின்றது. டிப்போவில் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக் காரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏதாவது நடந்தால் காப்புறுதியும் கைவிடலாம், நீதிமன்றமும் கைவிடலாம்.

இப்போது கம்பெனிக்குச் சொன்ன கதை. சொன்னேன் என்பதைவிட, அவர்களாகத் தெரிந்துகொண்டார்கள் என்பதே சரி. முதல் ஏழு நாளுக்கு மருத்துவர் சீட்டு வேண்டாம், நாமே எழுதிக் கொடுக்கலாம். 'உடம்பு சரியில்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகு மருத்துவர் தந்த சீட்டில் 'பகல் தூக்கம், ஸ்லீப் அப்னியா சந்தேகம், பரிசோதனையில்' என்று இருந்தது. மனேஜரிடம் வாயைத் திறக்காமல் அதைப் போன் கமராவில் படம் எடுத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தேன். அவர்கள் அந்தச் சீட்டையும் மிரர் உடைந்த நாளின் கமராப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பதிவில் என் தலை மெல்லச் சரிவது தெரிகிறது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர்கள் கேட்டது நோயைப் பற்றி இல்லை. "இது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? அறிக்கையில் ஏன் வேறு மாதிரி எழுதினீர்கள்?" என்ற இரண்டு கேள்விதான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு மாத எழுத்து எச்சரிக்கை கோப்பில் ஏறியது. யூனியன் பிரதிநிதி ஒரு பெண், எங்களுக்கெல்லாம் அக்கா மாதிரி. வெளியே வந்ததும் அவர் சொன்னதை மறக்கமாட்டேன். வருத்தத்துக்காக என்னை அனுப்புவதென்றால் கம்பெனி எத்தனையோ படி ஏற வேண்டும், மறைத்ததற்காக அனுப்ப ஒரே படிதான் என்றார்.

அது எனக்குப் புதிய செய்தி. கட்டுப்படாத அப்னியா 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் மாற்றுத்திறனாக எண்ணப்படக்கூடியது. அந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சிகிச்சையால் நீங்கள் நலமாக இருந்தாலும், அந்தச் சிகிச்சை இல்லாவிட்டால் எப்படி இருப்பீர்கள் என்பதை வைத்துத்தான் பார்ப்பார்கள். அப்படி எண்ணப்பட்டால், வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் வேறு வேலை தர முடியுமா, நேரத்தை மாற்ற முடியுமா என்று கம்பெனி நியாயமாக முயல வேண்டும். ஆனால் அந்தப் பாதுகாப்பு, கம்பெனிக்குத் தெரிந்த வருத்தத்துக்குத்தான் முழுமையாக வேலை செய்யும். சொல்லாத ஒன்றுக்காக அவர்கள் ஏன் ஏற்பாடு செய்யவில்லை என்று நான் எப்படிக் கேட்க முடியும்? மறுபக்கம், 1974ஆம் ஆண்டின் வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளி தன் செயலால் மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் கவனமாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஒப்பந்தத்திலும் ஓட்டுவதைப் பாதிக்கிற எந்த உடல்நிலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்து வைத்த நாளில் நான் அதை வாசிக்கவில்லை.

சோதனை மிக எளிது. தூக்கப் பிரிவில் ஒரு சிறு பெட்டியைத் தந்தார்கள், வீட்டில்தான் படுத்தேன். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, மூக்கில் ஒரு மெல்லிய குழாய், விரலில் ஒரு கவ்வி. காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு கிழமையில் முடிவு வந்தது. ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை தரம் நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்ணை ஏ.எச்.ஐ. என்கிறார்கள். 15இலிருந்து நடுத்தரம், 30இலிருந்து கடுமை. எனக்கு 41. ஆறு மணி நேரத் தூக்கத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன், இரவுக்கு கிட்டத்தட்ட 250 தரம். மனைவிக்குக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அடுத்த நாளே டி.வி.எல்.ஏ.க்கு எழுதினேன். பஸ், லொறி ஓட்டுபவர்களுக்கான படிவத்தின் பெயர் SL1V, கார் மட்டும் ஓட்டுபவர்களுக்கு SL1. அரசின் இணையத்தளத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் கிடைக்கும். அறிவிக்காமல் விட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம். அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். படிவத்தில் மருத்துவரின் பெயர் கேட்கும் இடத்தில் குடும்ப மருத்துவரின் பெயரோடு தூக்கப் பிரிவின் விவரத்தையும் சரியாகப் போடுங்கள். நான் பழைய கிளினிக் முகவரியைப் போட்டதால், டி.வி.எல்.ஏ. அனுப்பிய கேள்விக் கடிதம் மூன்று கிழமை எங்கேயோ கிடந்தது. நானாக போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் அது தெரிந்தது.

சிகிச்சைக்கு சீபாப் என்ற மெஷின் தந்தார்கள். அரச மருத்துவச் சேவையில் இலவசம். முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்ளும். முதல் கிழமை நரகம். இரண்டு மணி நேரத்தில் தூக்கத்திலேயே கழற்றி எறிந்துவிடுவேன். மூக்குத் தண்டில் புண் வந்தது, காற்று கண்ணுக்குள் ஊதியது. தாதிக்கு போன் எடுத்தேன். முகமூடியின் அளவு தவறு என்று சொல்லி, மூக்குக்குக் கீழே மட்டும் வைக்கிற சின்ன வகையை மாற்றித் தந்தார். மூன்றாவது நாள் ஆறு மணி நேரம் தூங்கினேன். எழும்பும்போது தலையிடி இல்லை. குசினிக்குள் போனால் வெளிச்சம் கூடின மாதிரி இருந்தது, பல்பு மாற்றினாயா என்று மனைவியிடம் கேட்டேன். முகமூடி பொருந்தாமல் மெஷினைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியவர்களை எனக்குத் தெரியும். சகித்துக்கொண்டு இருக்காதீர்கள், போன் எடுங்கள், வகைகள் பல இருக்கின்றன.

ஓட்டுநருக்கு அந்த மெஷினில் இன்னொரு பயன் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் எத்தனை மணி நேரம் போட்டீர்கள், மூச்சு இன்னும் எத்தனை தரம் நிற்கிறது என்று அது பதிந்து வைக்கும். பொதுவாக, குறைந்தது நாலு மணி நேரம், பத்தில் ஏழு இரவாவது போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கிறார்கள். என் ஆறு கிழமைப் பதிவில் சராசரி 5 மணி 50 நிமிடம், ஏ.எச்.ஐ. 41இலிருந்து 2.3, எப்வர்த் 16இலிருந்து 5. இந்த ஒரு தாள்தான் என் வேலையைத் திரும்பத் தந்தது. நான் வாயால் சொல்கிற "இப்ப நல்லா இருக்கு" என்பதற்கு யாரிடமும் மதிப்பில்லை, அந்தத் தாளுக்கு எல்லோரிடமும் மதிப்பு இருந்தது. கிளினிக்கிலிருந்து அதன் நகலைக் கேட்டு வாங்கி நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு எப்படிப் போனதென்று சொல்கிறேன். கையில் வாரம் சுமார் 610 பவுண்ட் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கம்பெனியின் நோய்க்காலச் சம்பளம் கிடைக்கவில்லை, சட்டப்படியான நோய்க்காலப் பணம் மட்டும்தான். 2024இல் அது வாரம் 116.75 பவுண்ட், அப்போதைய விதிப்படி முதல் மூன்று நாளுக்கு அதுவும் இல்லை. வாரம் 490 பவுண்டுக்கு மேல் துண்டு விழுந்தது. ஒன்பது கிழமை அப்படியே போனது, 4,400 பவுண்டைத் தாண்டிவிட்டது. ஊரில் அம்மாவுக்கு அனுப்புவதைக் குறைத்தேன், ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஒன்பது கிழமையில் பெரும்பகுதி வீணாகப் போனது என்று பிறகுதான் தெரிந்தது. மருத்துவச் சீட்டில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, வேலைக்குத் தகுதியில்லை. மற்றது, இன்ன மாற்றங்களோடு வேலை செய்யலாம். அதன் கீழ் மாற்றப்பட்ட கடமைகள் என்று ஒரு சிறு கட்டம். என் சீட்டுகளில் எல்லாம் முதல் கட்டம்தான் குறிக்கப்பட்டிருந்தது. எனக்கோ நடக்க முடியும், எழுத முடியும், ஓட்டத்தான் முடியாது. யூனியன் அக்கா அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். அடுத்த சீட்டில் இரண்டாவது கட்டத்தைக் குறிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்டேன், உடனே செய்து தந்தார். அதோடு மனேஜருக்கு ஒரு மின்னஞ்சல். அக்கா பக்கத்தில் இருந்து திருத்தித் தந்தது, அதன் சாரம் இதுதான்:

"எனக்கு ஸ்லீப் அப்னியா இருப்பது ஜூலை 9 அன்று உறுதியானது. ஜூன் 11 முதல் நான் எந்த வாகனமும் ஓட்டவில்லை. டி.வி.எல்.ஏ.க்கு அறிவித்துவிட்டேன், நகல் இணைத்திருக்கிறேன். சிகிச்சை தொடங்கிவிட்டது. ஓட்டுதல் இல்லாத எந்த வேலையும் செய்ய நான் தகுதியானவன் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். ஓட்டத் திரும்பும்வரை அப்படி ஒரு வேலையைத் தரும்படியும், கம்பெனியின் தொழில்சார் மருத்துவரிடம் என்னை அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை, குறட்டைக் கதை இல்லை. ஓட்டவில்லை, அறிவித்துவிட்டேன், சிகிச்சை நடக்கிறது, இதைக் கேட்கிறேன் என்ற நாலு விஷயம், நாளோடு. நடைபாதையில் மனேஜரைப் பிடித்து வாயால் சொன்னால் அவர் மறந்துவிடலாம், வேறு டிப்போவுக்கு மாறிப் போகலாம். எழுத்தில் இருந்தால் நாள் நிற்கும். ஆறு நாளில் பதில் வந்தது. ஆகஸ்ட் 13இலிருந்து டிப்போ அலுவலகத்தில், தவறவிட்ட பொருட்களைப் பதிவது, ஓட்டுநர்களின் வேலைச் சீட்டுகளை அடுக்குவது. மேலதிக நேரம் இல்லாததால் வாரம் 150 பவுண்ட் குறைவு, பத்துக் கிழமைக்கு 1,500. எல்லாம் சேர்த்து என் நட்டம் கிட்டத்தட்ட 5,900 பவுண்ட். அந்த மின்னஞ்சலை ஜூன் நடுவிலேயே, சந்தேகம் என்ற நிலையிலேயே, எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் எச்சரிக்கையும் வந்திருக்காது, இந்தத் தொகையில் நல்லதொரு பகுதியும் மிஞ்சியிருக்கும்.

செப்டம்பர் முதல் கிழமையிலேயே தூக்கப் பிரிவு மருத்துவர் ஓட்டத் தகுதி என்று எழுதித் தந்துவிட்டார். மிச்ச நாளெல்லாம் காகிதத்துக்காகத்தான். டி.வி.எல்.ஏ.யின் கடிதம், கம்பெனியின் தொழில்சார் மருத்துவரின் அனுமதி, பிறகு ஒரு பயிற்றுநர் பக்கத்தில் இருக்க அரை நாள் ஓட்டம். தொழில்சார் மருத்துவர் என் நோய்க் குறிப்பு முழுவதையும் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. ஓட்டத் தகுதி, வருடம் ஒருமுறை மீளாய்வு, முடிந்தால் முதல் மூன்று மாதம் அதிகாலை நாலு மணி வேலை வேண்டாம் என்று மூன்று வரி. அந்த அறிக்கை கம்பெனிக்குப் போவதற்கு முன் நமக்குக் காட்டும்படி நாம் கேட்கலாம், நான் கேட்டேன். அக்டோபர் 22 அன்று திரும்ப ஓட்டினேன். சக ஓட்டுநர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நான் சொன்னேன். சொன்ன கிழமையே இரண்டு பேர் தனியாக வந்து, குறட்டை பற்றிக் கேட்டார்கள்.

போன மாதம் என் மச்சான் வந்திருந்தான். சேமிப்புக் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான், அதற்கு டி.வி.எல்.ஏ. கணக்கே இல்லை, ஆகவே தனக்கு இந்த விதியெல்லாம் பொருந்தாது என்று நினைத்திருந்தான். கிடங்குக்குள் பொருந்துவது 1974ஆம் ஆண்டுச் சட்டம் என்றும், வேலைக்குப் போய்வருகிற காருக்கு டி.வி.எல்.ஏ. விதி பொருந்தும் என்றும் சொன்னேன். எப்வர்த் தாளை அச்செடுத்து மேசையில் வைத்தேன். அவன் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போனான். எட்டாவதுக்கு வந்ததும் பேனா நின்றது. எனக்கு அந்த நிற்றல் நன்றாகத் தெரியும். அவன் மனைவி அடுப்படியிலிருந்து, "ஏ406 ரோட்டிலை நான் தட்டி எழுப்பினது எத்தினை தரம்?" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் என் அலமாரியிலிருந்து மார்ச் மாதத் தாளின் நகலை எடுத்து, நான் போட்ட 0 தெரிகிற மாதிரி அவன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு 2 போட்டான். மொத்தம் 14 வந்தது. கார்ச் சாவியை மனைவியிடம் கொடுத்தான். காலை எட்டு மணிக்குக் கிளினிக் போன் திறந்ததும் முதல் ஆளாக அழைத்து, போர்க்லிப்ட் என்ற சொல்லை முதலில் சொன்னதாக எனக்குச் செய்தி அனுப்பினான்.